பிற்பகலை முதலில் நிரப்புவோம்

பள்ளித் தேர்வுகள் நெருங்கும் மார்ச் மாதத்தில், பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் கோடையில் பிள்ளையை எந்த முகாமில் சேர்க்கலாம்?" என்பதே அது. நீச்சலா, ஓவியமா, சதுரங்கமா, ரோபோ செய்யும் பயிற்சியா என்று விளம்பரத் தாள்கள் மேசையில் குவிகின்றன. கட்டணம் செலுத்தப்படுகிறது. விடுமுறைக்கு ஏற்பாடு முடிந்துவிட்டது என்ற நிம்மதியும் பிறக்கிறது.

இந்த நிம்மதி அவசரப்பட்டது என்பதே நமது கருத்து. முகாமைப் பற்றிய கேள்வி இரண்டாவதாகக் கேட்கப்பட வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது வேறு: "பகல் பன்னிரண்டரைக்கு முகாம் முடிந்தபின், மாலை ஏழு மணிவரை பிள்ளை யாருடன் இருக்கும்?" இந்தக் கேள்விக்கு விடை எழுதாத திட்டம், வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்குப் புத்தகத்தைப் போன்றது. வங்கியில் கணக்கு பார்த்துப் பழகிய நமக்கு, இதனையும் ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்பது எளிதாக இருக்கிறது. அந்தக் கணக்கை ஒரு குடும்பத்தை முன்வைத்துப் போட்டுக் காட்டுகிறோம்.

முந்நூறு மணி நேரம்

மும்பையின் செம்பூரில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் வங்கிப் பணியில் இருக்கிறார். தந்தை வாரம் ஐந்து நாள் இயங்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். மகள் நான்காம் வகுப்பை முடிக்கிறாள், வயது ஒன்பது. தாத்தாவும் பாட்டியும் காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள். பள்ளிக்கு 2026 மே 4, திங்கள் முதல் ஜூன் 14, ஞாயிறு வரை விடுமுறை என்று கொள்வோம். சரியாக ஆறு வாரங்கள்.

தாய் வேலைக்குப் போகும் சனிக்கிழமைகளில் தந்தை வீட்டில் இருப்பார். ஆகவே ஏற்பாடு தேவைப்படுவது வாரத்திற்கு ஐந்து நாள் வீதம் 30 நாட்களுக்கு. தந்தை எட்டேகாலுக்கு முன்னதாகவே கிளம்பிவிடுகிறார். தாய் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு மாலை ஏழுக்குத் திரும்புகிறார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம். 30 நாளுக்கு 300 மணி நேரம்.

இப்போது முகாமின் பங்கைப் பார்ப்போம். வழக்கமான கோடை முகாம் இரண்டு வாரம், நாளுக்கு மூன்று மணி நேரம் நடக்கும். அதாவது 30 மணி நேரம். ஒன்றுக்கு இரண்டு முகாமில் சேர்த்தாலும் 60 மணி நேரமே ஆகிறது. முந்நூறில் ஐந்தில் ஒரு பங்கு. மீதமுள்ள ஐந்தில் நான்கு பங்குக்கு விளம்பரத் தாள் எதுவும் பொறுப்பேற்பதில்லை. அந்த நேரத்தைத்தான் தொலைக்காட்சியும் கைப்பேசியும் பூட்டிய கதவும் நிரப்புகின்றன.

ஒன்பது வயதுப் பிள்ளையை நாள்தோறும் ஆறு மணி நேரம் தனியே வீட்டில் விட்டுச் செல்வது ஏற்பாடு ஆகாது என்பதில் நமக்கு ஐயமில்லை. அடுப்பு, பால்கனி, குளியலறைத் தாழ்ப்பாள், அழைப்பு மணியை அடிக்கும் அந்நியர் ஆகிய நான்கில் ஒன்றைக்கூட அந்த வயதில் ஒவ்வொரு முறையும் சரியாகச் சமாளிக்க இயலாது. ஆகவே திட்டத்தை ஒரு வெள்ளைத் தாளில் 30 கட்டங்கள் வரைந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் முற்பகல், பிற்பகல் என்று இரண்டாகப் பிரித்து, பொறுப்பேற்கும் பெரியவரின் பெயரை எழுத வேண்டும். பிள்ளை என்ன செய்யும் என்பதை அதன் பிறகு எழுதலாம்.

ஓய்வுதான் விலை உயர்ந்தது

அப்படிப் பெயர்களை எழுதத் தொடங்கியதும் ஓர் உண்மை புலப்படும். முகாமைப் பணம் கொடுத்து வாங்கலாம்; ஓய்வை அப்படி வாங்க முடியாது. பிள்ளை எட்டு மணிக்கு எழுந்து, பத்து மணிவரை படுக்கையில் புரண்டு, பழைய அட்டைப் பெட்டியில் வீடு கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டுமானால், பெரியவர் ஒருவரும் வீட்டில் சும்மா இருந்தாக வேண்டும். பெற்றோரின் விடுப்புதான் அதற்கு விலை. ஓய்வைப் பலரும் திட்டத்திலிருந்து முதலில் வெட்டுவதற்குக் காரணம், அதன் அருமை தெரியாமை அன்று. அதற்குச் செலவிட விடுப்பு கைவசம் இல்லாமையே ஆகும்.

இருக்கும் விடுப்பை எங்கே செலவிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பெற்றோர் இருவரும் ஒரே வாரத்தில் ஐந்து நாள் விடுப்பெடுத்து மலைவாசத் தலத்திற்குச் சென்றால், பத்து நாள் விடுப்பு கரைந்து, ஐந்து கட்டங்கள் மட்டுமே நிரம்புகின்றன. அதே பத்து நாளை மாறி மாறி எடுத்தால் பத்துக் கட்டங்கள் நிரம்பும். குடும்பமாகச் சேர்ந்து சுற்றுலா செல்வதை நாம் குறை கூறவில்லை. அதனைத் தீபாவளி அல்லது கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஒதுக்கிக்கொள்ளலாம் என்கிறோம். ஆறு வாரக் கோடைக்கு மாற்று விடுப்பே ஏற்றது.

செம்பூர்க் குடும்பம் முதல் வாரத்தை முழு ஓய்வுக்கு ஒதுக்குகிறது. தாய் மூன்று நாளும் தந்தை இரண்டு நாளும் வீட்டில் இருக்கிறார்கள். அந்த வாரத்தில் முகாம் இல்லை, பாடம் இல்லை. தந்தை வீட்டில் இருக்கும் ஒரு நாளில் வொர்லியில் உள்ள நேரு அறிவியல் மையத்திற்குப் போய் வருகிறார்கள். தேர்வு முடிந்த மறுவாரமே முகாமில் சேர்க்கப்படும் பிள்ளையைக் கவனித்தால், ஓய்வு ஏன் முன்னதாக வர வேண்டும் என்பது விளங்கும். காலையில் வயிற்று வலி என்பாள். வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவாள். மாலையில் சிறு சொல்லுக்கும் அழுவாள். முகாமின் மீது வெறுப்பு என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் களைப்புதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. பள்ளி நாட்களில் விடியலில் எழும் நகரத்துப் பிள்ளைக்கு அந்தக் கீழ் எல்லையே எட்டாமல் போவதுண்டு. முதல் வாரம் அந்தப் பாக்கியைத் தீர்க்கும் வாரம்.

முகாமும் அதன் இணைப்பும்

இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் முகாம். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை. வேலைக்குப் போகும் வழியில் தாய் கொண்டுபோய் விடுகிறார். பிற்பகலுக்கு, மும்பையில் 'பாளணாகர்' என்று மராத்தியில் வழங்கும் வீட்டுக் காப்பகத்தை இக்குடும்பம் நாடுகிறது. குடியிருப்புப் பகுதியிலேயே தம் வீட்டில் சில பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்மணியை மாவ்ஷி, அதாவது சித்தி, என்று பிள்ளைகள் அழைப்பார்கள். அங்கே மதிய உணவு, சிறு உறக்கம், வாசிப்பு, மாலையில் கட்டட வளாகத்தில் விளையாட்டு என்று ஏழு மணிவரை பொழுது போகும்.

இத்தகைய ஏற்பாடு முறிவது முகாமிலும் அன்று, காப்பகத்திலும் அன்று. இரண்டுக்கும் நடுவில் உள்ள பதினைந்து நிமிடத்தில்தான். பன்னிரண்டரைக்கு முகாம் வாசலில் நிற்கும் பிள்ளையை அழைத்துவருவது யார்? தாய் அலுவலகத்தில், தந்தை இன்னும் தொலைவில். ஆகவே செம்பூர்க் குடும்பம் முதலில் காப்பகத்தை முடிவு செய்கிறது. பிறகு அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள முகாமைத் தேடுகிறது. மாவ்ஷியின் வீட்டு உதவியாளர் குடையுடன் போய் அழைத்து வருவது என்று பேசி, அதற்கும் சேர்த்துக் கட்டணம் தீர்மானிக்கப்படுகிறது. நகரின் மறுமுனையில் நடக்கும் புகழ்பெற்ற முகாமைவிட, நடை தூரத்தில் நடக்கும் எளிய முகாம் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மேலானது என்று நாம் தயங்காமல் கூறுவோம்.

பணம் கட்டும் முன் முகாமை நடத்துவோரிடம் சில கேள்விகளை நேரில் கேட்க வேண்டும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பார்கள், அதற்குப் பெயர்ப் பட்டியல் உண்டா? பிள்ளைக்கு உடல்நலம் குன்றி மூன்றாம் நாளே நிறுத்தினால் பணம் திரும்புமா? நீச்சல் என்றால் உயிர்காப்பாளர் பயிற்சியாளரிலிருந்து வேறு ஆளா? மும்பை மாநகராட்சியின் நீச்சல் குளங்களில் கோடையில் நடைபெறும் பயிற்சி 21 நாள் கொண்டது. இரண்டு வார இடைவெளியில் அது அடங்காது என்பதையும் முன்பே எண்ண வேண்டும். பயிற்சியின் நாள் கணக்கும் நம் கட்டங்களும் பொருந்தவில்லையெனில், அந்தப் பயிற்சி எவ்வளவு நல்லதாயினும் இவ்வாண்டுக்கு உரியது அன்று.

கட்டணத்தை யூபிஐ வழியே செலுத்தும்போது, திரையில் தோன்றும் பெயர் முகாம் நடத்தும் நிறுவனத்தின் பெயரா, அறிமுகமில்லாத தனிநபரின் பெயரா என்பதைப் பார்த்துவிட்டு இரகசிய எண்ணை இடுங்கள். இரசீதில் முகாமின் தேதிகளும் நேரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முகாம் நடக்காமல் போனால், பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு அந்தத் தாளே ஆதாரம்.

காப்பகத்தைத் தேர்வதற்கு இன்னும் எளிய சோதனை உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் எங்கே உறங்குகிறார்கள், தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறதா, அந்த வீட்டில் அந்நேரத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்பவை அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த வருகையை விரும்பாத இடம் நமக்கு உகந்த இடம் அன்று. பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரின் கைப்பேசி எண்களும் மனப்பாடமாக இருக்க வேண்டும். நாடு முழுவதும் கட்டணமின்றி இயங்கும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையும் சொல்லிக்கொடுங்கள். யார் தொட்டாலும் தனக்குப் பிடிக்கவில்லையெனில் அதை மாலையே அம்மாவிடம் சொல்லலாம், அதற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள் என்பதை விடுமுறை தொடங்குமுன் அமைதியாகப் பேசிவைப்பது பெற்றோரின் கடமை.

ஊருக்குப் போகும் இரண்டு வாரம்

நான்காவது, ஐந்தாவது வாரங்களைத் தாத்தா பாட்டி ஏற்கிறார்கள். பத்துக் கட்டங்கள், 100 மணி நேரம் ஒரே முடிவில் நிரம்புகின்றன. இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் இரயில் முன்பதிவு. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம், பயண நாள் நீங்கலாக, 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. மே 22, வெள்ளி இரவு தாதரிலிருந்து சென்னை இரயிலில் ஏறி, மறுநாள் மாலை அரக்கோணத்தில் இறங்கிக் காஞ்சிபுரம் செல்வது திட்டம். அதற்கு முன்பதிவு திறப்பது மார்ச் 23 அன்று காலை எட்டு மணிக்கு. தாய் மட்டும் மே 24, ஞாயிறு காலை திரும்புவதற்கு மார்ச் 25. தந்தை ஜூன் 5, வெள்ளி இரவு அழைத்துவரப் புறப்படுவதற்கு ஏப்ரல் 6. மகளுடன் ஜூன் 8, திங்கள் காலை கிளம்புவதற்கு ஏப்ரல் 9. இந்த நான்கு தேதிகளும் தேர்வுப் பரபரப்பின் நடுவே வருகின்றன. நாள்காட்டியில் முன்பே வட்டமிட்டு வைக்காவிட்டால், காத்திருப்போர் பட்டியல்தான் மிஞ்சும்.

ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமெனில் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாமெனில் பாதிக் கட்டணம். ஓரிரவும் ஒரு பகலும் கொண்ட இப்பயணத்தில் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் படுக்கை எடுப்பதே சரி. இவ்வகையில் தாய்க்கு இரண்டு, தந்தைக்கு இரண்டு, மகளுக்கு இரண்டு என ஆறு பயணச்சீட்டுகள் ஆகின்றன.

தாத்தா பாட்டியை இலவசக் காவலர்களாக எண்ணிவிடக் கூடாது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு ஒன்பது வயதுப் பிள்ளையின் வேகம் களைப்பைத் தரும். எவ்வளவு நாள் பார்த்துக்கொள்ள இயலும் என்பதை அவர்களையே கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். "நீங்கள் இருக்கும்போது என்ன கவலை" என்று நாமே தீர்மானித்துவிடுதல் தகாது. இரண்டு வாரம் என்பது ஓரளவு நியாயமான எல்லை. பிள்ளை வழக்கமாக உட்கொள்ளும் மருந்தின் பெயரும் அளவும், ஒவ்வாத உணவும், பள்ளி அடையாள அட்டையின் நகலும் ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் தரப்பட வேண்டும். வீட்டுச் செலவுக்கான பணத்தை அவர்கள் கேட்குமுன் அவர்கள் கணக்கில் செலுத்திவிடுவது பண்பு.

வாசிப்பு எங்கே பொருந்தும்?

வாசிப்பைத் தனியே ஒரு திட்டமாக நாம் போடவில்லை. அதற்கு ஏற்ற இடம் மதிய உணவுக்குப் பிந்தைய நேரம். வெயில் உச்சியில் இருக்கும் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை வெளியே விளையாட முடியாது. காப்பகத்திலும் சரி, காஞ்சிபுரத்திலும் சரி, அதில் முக்கால் மணி நேரம் புத்தகத்திற்கு உரியது. எத்தனை பக்கம் என்று இலக்கு வைப்பதைவிட, பொருத்தமான புத்தகத்தைக் கையில் தருவதே முக்கியம். பொருத்தத்தை அறிய ஆசிரியர்கள் பலரும் கையாளும் எளிய முறை உண்டு. புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைப் பிள்ளை படிக்கட்டும். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஒரு விரலும் மடங்காவிட்டால் எளிது. இரண்டு மூன்று மடங்கினால் பொருத்தம்.

நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் ஆகியவற்றின் நூல்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிக் கதைகளைக் கட்டணமின்றிப் பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அச்சிட்டுத் தருவதே நல்லது. வாசிக்கத் திறந்த திரை வேறெங்கோ போய் முடியும் என்பது எல்லா வீட்டிலும் அறிந்த செய்தி.

ஊரில் கழியும் இரண்டு வாரத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தமிழைப் பேசுவார்கள், படிக்க அறியார். மராத்தியும் இந்தியும் பள்ளியில் கற்பதால் தேவநாகரி எழுத்து அவர்களுக்குப் பழக்கம். மெய்யெழுத்தோடு உயிர்க்குறி சேர்ந்து ஓசை மாறும் என்ற முறை ஏற்கெனவே தெரிந்திருப்பதால், தமிழ் எழுத்துகள் 247 என்று அஞ்ச வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அவற்றோடு துணைக்குறிகள் ஆகியவற்றை அறிந்தால் போதும். நாளுக்கு மூன்று எழுத்து என்று தாத்தா பழக்கினால் பத்து நாளில் முப்பதும் முடிந்துவிடும். தேவநாகரியில் நான்கு எழுத்துக்கு உரிய ஓசைகளைத் தமிழில் ஒரே 'க' ஏற்பது மட்டும் முதலில் குழப்பும். அச்சொல்லைப் பேச்சில் அறிந்த பிள்ளைக்கு அதுவும் விரைவில் பழகும். இரண்டு வாரத்தில் அவள் கதைப் புத்தகத்தைச் சரளமாகப் படிப்பாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். பேருந்துப் பலகையையும் கடைப் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்தால் அதுவே நிறைவு. மும்பை திரும்பியபின் வாரம் ஒருமுறை தாத்தாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினால் அந்த எழுத்து மறவாது.

கடைசி வாரம்

தந்தையும் மகளும் ஜூன் 9, செவ்வாய் விடியலில் மும்பை வந்து சேர்கிறார்கள். திங்கள், செவ்வாய் தந்தையின் விடுப்பு. புதன், வியாழன் தாயின் விடுப்பு. வெள்ளி மீண்டும் தந்தை. இந்த வாரத்தின் வேலை ஒன்றே: உறக்கத்தைப் பள்ளி நேரத்திற்குத் திருப்புவது. விடுமுறையில் உறங்கும் நேரம் ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்கு நழுவியிருக்கும். ஒரே இரவில் ஒன்றரை மணி நேரத்தை இழுக்க முடியாது. நாளுக்கு 15 நிமிடம் முன்னதாகப் படுக்கையும் எழுகையும் நகர்ந்தால் ஆறு நாளில் பழைய நேரம் வந்துவிடும். செவ்வாயன்று தொடங்கினால் ஞாயிறு இரவு சரியாக ஒன்பதரைக்கு உறங்கலாம்.

முழு விடுமுறையிலும் தாய்க்கு முதல் வாரத்தில் மூன்று, ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் ஒன்று, கடைசி வாரத்தில் இரண்டு என ஆறு நாள் விடுப்பு செலவாகியிருக்கிறது. தந்தைக்கு முதல் வாரத்தில் இரண்டு, கடைசி வாரத்தில் மூன்று என ஐந்து நாள். இருவருக்குமாகப் பதினொரு நாள் விடுப்பில் முப்பது கட்டங்களும் நிரம்பிவிட்டன.

பணக் கணக்கு

இக்குடும்பத்தின் செலவைத் தோராயமாக இவ்வாறு கொள்ளலாம். மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பில் ஆறு பயணச்சீட்டுகளுக்கு ரூ.11,000, முகாமுக்கு ரூ.5,000, காப்பகத்திற்கு ரூ.4,500, புத்தகங்களுக்கு ரூ.1,000, முதல் வார வெளிப் பயணத்திற்கு ரூ.1,500; காஞ்சிபுரம் வீட்டுச் செலவுக்கு ரூ.4,000; எதிர்பாராச் செலவுக்கு ரூ.3,000. மொத்தம் ரூ.30,000. ஊருக்கு ஊர் இத்தொகை மாறும். ஆயினும் ஒரு விகிதத்தைக் கவனியுங்கள். முகாம் 30 மணி நேரத்திற்கு ரூ.5,000, அதாவது மணிக்கு ஏறத்தாழ ரூ.167. காப்பகம் பன்னிரண்டரை முதல் ஏழு வரை பத்து நாள், 65 மணி நேரத்திற்கு ரூ.4,500, அதாவது மணிக்கு ஏறத்தாழ ரூ.69. பெற்றோர் தயங்காமல் கட்டும் தொகை முதலாவது. பேரம் பேசும் தொகை இரண்டாவது. பிள்ளையின் பாதுகாப்பு பெரிதும் அடங்கியிருப்பதோ இரண்டாவதில்தான். இரண்டாவது முகாமுக்கு ஒதுக்க எண்ணிய தொகையை, நல்ல காப்பகத்திற்கும் பிள்ளையை அழைத்துவரும் ஆளுக்கும் திருப்பிவிடுவதே அறிவுடைமை.

ஏப்ரலும் ஜூனும் பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகம் என்று பணம் நெருக்கும் மாதங்கள். அப்போது ரூ.30,000 ஒன்றாகத் தேவைப்பட்டால், கடன் அட்டையைத்தான் கை தேடும். ஜூன் மாதத்தில் பத்து மாதத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி மாதம் ரூ.3,000 செலுத்தினால், அடுத்த ஏப்ரலில் அசலும் வட்டியும் கைக்கு வரும். மார்ச் மாதமே வாங்க வேண்டிய பயணச்சீட்டுக்கு மட்டும் சேமிப்புக் கணக்கில் தனியே தொகை வைத்திருக்க வேண்டும். முதிர்வுக்கு முன் தொடர் வைப்பை முறித்தால் வட்டி குறையும் என்பதை நினைவிற்கொள்க.

ஊரும் தாத்தா பாட்டியும் இல்லாதவர்கள்

எல்லாருக்கும் காஞ்சிபுரம் இருப்பதில்லை. பெரியவர்கள் மறைந்திருக்கலாம், உடல்நலம் குன்றியிருக்கலாம், பெற்றோரில் ஒருவரே பிள்ளையை வளர்த்துவரலாம். அவர்களுக்கும் கட்டங்களை நிரப்பும் வழி ஒன்று உண்டு. ஒரே கட்டடத்தில் ஒத்த வயதுப் பிள்ளைகள் உள்ள மூன்று குடும்பங்கள் சேர்ந்தால், பெரியவர்கள் ஆறு பேர் வரை கிடைப்பார்கள். இரண்டு வாரத்தின் பத்து நாளை அவர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு இரண்டு நாள் விடுப்புக்கு மேல் ஆகாது. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் இருப்பார்கள். பெற்றோர் ஒருவரே உள்ள வீடு ஒரு நாள் விடுப்பைத் தந்தால் போதும் என்று மற்றவர்கள் ஏற்பது நியாயம். முறை வைத்த நாளில் வரமுடியாமல் போனவர், மாற்றுக்கு யார் என்பதைத் தாமே கூற வேண்டும் என்ற ஒரு விதியை முன்பே பேசிவிட வேண்டும். அந்த விதி இல்லாத ஏற்பாடு முதல் வாரத்திலேயே மனத்தாங்கலில் முடியும்.

கோடை விடுமுறையைத் திறன் வளர்க்கும் பருவம் என்று விற்பவர்கள் பலர். பிள்ளைக்குப் பதினைந்து நாளில் புதிதாக ஒரு கலை வந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. அதற்காக முகாம் வேண்டாம் என்றும் கூறவில்லை. முப்பது கட்டங்களில் பத்துக்கு மேல் முகாம் வேண்டாம் என்பதும், மீதி இருபதில் பெரியவர் ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதுமே நமது கருத்து. அந்தத் தாளை மார்ச் இரண்டாம் வாரத்தில், பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொண்டு எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் யார் என்பதை அவளும் அறிந்திருப்பது அவளுடைய உரிமை. எழுதி முடித்ததும் ஏதேனும் ஒரு பிற்பகல் வெறுமையாக இருந்தால், அதை நிரப்பிய பிறகே முகாமுக்குப் பணம் கட்டுங்கள்.